மண் ஈரமானிப் பாடத்தின் விவரக்குறிப்பு: பாகப் பட்டியல், கம்பியிணைப்பு, நிரல் சுட்டி ஆகியவை மட்டும் போதுமா?

கம்பிச்சுருள் · 2025 பிப்ரவரி 8, காலை 9.10

ஈஎஸ்பி32 பலகையைக் கொண்டு மண்ணின் ஈரத்தை அளக்கும் காணொளிப் பாடம் ஒன்றை முடித்துவிட்டேன். அதன் அடியில் இடவேண்டிய விவரக்குறிப்பு இது.

பாகங்கள்: ஈஎஸ்பி32 டெவ்கிட் பலகை ஒன்று, 1.2 பதிப்பு மின்தேக்க மண் ஈர உணரி ஒன்று, பிரெட்போர்டு ஒன்று, ஜம்பர் கம்பி மூன்று, தரவும் செல்லக்கூடிய யூஎஸ்பி கேபிள் ஒன்று.

கம்பியிணைப்பு: உணரியின் `VCC` முனை பலகையின் `3V3` முனைக்கும், `GND` முனை `GND` முனைக்கும், `AOUT` முனை 34-ஆம் முனைக்கும் செல்லவேண்டும்.

நிரல்: களஞ்சியத்தில் உள்ள `soil_meter.ino` கோப்பு. அதற்கான சுட்டி விவரக்குறிப்பின் முதல் வரியிலேயே இருக்கும்.

விவரக்குறிப்பு இந்த அளவோடு நின்றுவிடவேண்டும் என்பது என் கருத்து. அளவுகள், சோதனைகள், விளக்கங்கள் எல்லாம் காணொளிக்குள் இருக்கின்றன. அவற்றை எழுத்தாகவும் நீட்டினால் பட்டியலைத் தேடி வருபவர் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மாற்றுக்கருத்து இருப்பவர்கள் சொல்லுங்கள்.

செம்மண்தோட்டம் · 2025 பிப்ரவரி 8, காலை 10.02

பம்பு எங்கே? ரிலே எங்கே? தண்ணீர் தானாக ஊற்றவேண்டும் என்றால் இந்தப் பட்டியலில் பாதி பாகங்கள் இல்லையே.

கம்பிச்சுருள் · 2025 பிப்ரவரி 8, காலை 10.20

இது அளக்கும் பாடம் மட்டுமே; ஊற்றும் பாடம் அல்ல. தலைப்பில் ‘ஈரமானி’ என்றுதான் இருக்கிறது.

துளிர் · 2025 பிப்ரவரி 8, மாலை 6.45

முன்னோட்டமாக நீங்கள் அனுப்பிய காணொளியைப் பார்த்து, பட்டியலில் உள்ளபடியே வாங்கி, கம்பிகளையும் அப்படியே இணைத்தேன். நிரல் ஏறிவிட்டது, சீரியல் மானிட்டரில் எண்ணும் வருகிறது. உணரி காற்றில் இருக்கும்போது ஏறத்தாழ 2550 மில்லிவோல்ட் என்று காட்டுகிறது. அதைத் தண்ணீர்க் குவளைக்குள் இறக்கினால் உங்கள் காணொளியில் எண் உடனே விழுகிறது. என்னிடம் 2530, 2515 என்று ஊர்ந்து இறங்குகிறது. சிறிது நேரம் விட்டுவிட்டு வந்து பார்த்தால் 1900 அளவில் நிற்கிறது, இன்னும் இறங்கிக்கொண்டும் இருக்கிறது. தவறு கம்பியிலா, நிரலிலா, உணரியிலா என்று எனக்குத் தெரியவில்லை. விவரக்குறிப்பில் உள்ள மூன்று வரிகளையும் மீண்டும் மீண்டும் படித்துவிட்டேன்; அவற்றில் நான் மாற்றிச் செய்தது எதுவும் இல்லை.

அலைவரிசை · 2025 பிப்ரவரி 8, இரவு 7.15

இது எல்லோரும் அறிந்த குறைதான். இந்த உணரியில் டிஎல்சி555 என்ற சில்லு இருக்கவேண்டும்; அது 2 வோல்ட்டிலேயே இயங்கும். மலிவாகச் செய்பவர்கள் அதற்குப் பதிலாக என்இ555 சில்லைப் பொருத்திவிடுகிறார்கள். அதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். `3V3` முனையிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அது தடுமாறத்தான் செய்யும். கம்பியை 5 வோல்ட் முனைக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும். விவரக்குறிப்பிலும் 5 வோல்ட் என்றே திருத்திவிடுங்கள்.

ஓம்விதி · 2025 பிப்ரவரி 8, இரவு 9.30

துளிர், கம்பியை மாற்றாதீர்கள், சிறிது பொறுங்கள்.

அலைவரிசை சொன்ன குறை உண்மையிலேயே இருக்கிறது; ஆனால் அவர் சொன்ன மருந்து வேலை செய்யாது. இந்த உணரியின் பலகையில் மூன்று கால் கொண்ட சிறிய ரெகுலேட்டர் ஒன்று உண்டு. அதன்மேல் 662 என்று தொடங்கும் குறி இருக்கும். அது வரும் மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டாகக் குறைத்துத்தான் 555 சில்லுக்குக் கொடுக்கிறது. ஆகவே வெளியே 5 வோல்ட் கொடுத்தாலும் உள்ளே இருக்கும் சில்லு 3.3 வோல்ட்டைத்தான் காணும். என்இ555 அப்போதும் அதே போலத் தடுமாறும். சில தொகுதிகளில் அந்த ரெகுலேட்டரையே பொருத்தாமல் இரண்டு முனைகளை நேராக இணைத்துவிடுகிறார்கள். அத்தகைய பலகைக்கு 5 வோல்ட் கொடுத்தால் சில்லு நன்றாக இயங்கும் என்பது உண்மைதான்; ஆனால் வெளியீடு 3.3 வோல்ட்டைத் தாண்டி ஈஎஸ்பி32-இன் முனைக்குள் செல்லக்கூடும், அந்த முனை அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதாவது ரெகுலேட்டர் இருந்தால் 5 வோல்ட்டால் பயனில்லை; ரெகுலேட்டர் இல்லாவிட்டால் 5 வோல்ட் ஆபத்து. விவரக்குறிப்பில் `3V3` என்று இருப்பது சரியே.

அடுத்து, உங்கள் எண் நடந்துகொள்ளும் விதம் சில்லுக் குறையைப் போல இல்லை. சில்லு இயங்கவில்லை என்றால் எண் எந்தப் பக்கமும் அசையாது. உங்களுடையது அசைகிறது, மெதுவாக மட்டும் அசைகிறது. இரண்டு சோதனைகளைச் செய்து சொல்லுங்கள்.

ஒன்று, உணரியைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துத் துடைத்தபின் எண் மேலே ஏறுவது வேகமாக நிகழ்கிறதா, அதுவும் மெதுவாகத்தானா என்று பாருங்கள். இரண்டு, உணரியைப் பலகையிலிருந்து முழுவதுமாகக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை மின்தடை அளவில் வைத்து, `AOUT` முனைக்கும் `GND` முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். எண் தொடக்கத்தில் சிறிது ஊசலாடும், நிலைபெறும்வரை காத்திருங்கள்.

துளிர் · 2025 பிப்ரவரி 9, காலை 8.05

ஏறுவது வேகமாக நடக்கிறது. துடைத்த கையோடு 2500-க்கு வந்துவிட்டது. இறங்குவதுதான் ஆமை வேகம். மல்டிமீட்டரில் அளவு ஏறிக்கொண்டே போய், கடைசியில் எல்லை கடந்துவிட்டது என்ற குறியைக் காட்டி நின்றுவிட்டது.

ஓம்விதி · 2025 பிப்ரவரி 9, காலை 8.50

அப்படியானால் குறை பிடிபட்டுவிட்டது.

உணரியின் உள்ளே 555 சில்லு அலைகளை உண்டாக்குகிறது. தகட்டைச் சுற்றி ஈரம் கூடும்போது தகட்டின் மின்தேக்கம் கூடி, அலையின் உயரம் குறைகிறது. அந்த உயரத்தை ஒரு டயோடு வழியாக ஒரு சிறு மின்தேக்கியில் சேர்த்துவைத்து, அதைத்தான் `AOUT` முனையில் தருகிறார்கள். டயோடு ஒருவழிப் பாதை. ஆகவே மின்தேக்கி நிரம்புவது எளிது. அது வடிவதற்குத்தான் `AOUT` முனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். சில தொகுதிகளில் பலகையை வரைந்தவர்கள் அந்த ரெசிஸ்டரின் ஒரு காலைக் கிரவுண்டோடு இணைக்கவில்லை. ரெசிஸ்டர் பலகையில் கண்ணுக்குத் தெரியும், 105 என்ற குறியும் இருக்கும். ஆனால் மின்சாரத்தைப் பொறுத்தவரை அது இல்லாததற்குச் சமம். மின்தேக்கி கசிவின் வழியாக மட்டுமே வடியவேண்டியிருப்பதால் எண் ஊர்ந்து இறங்குகிறது. ஏற்றம் வேகம், இறக்கம் மெதுவு என்ற இந்த ஓரவஞ்சனைதான் இந்தக் குறையின் அடையாளம்.

சரியான உணரியில் அந்த இரண்டு முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 1 மெகா ஓம் காட்டும். உங்களுடையதில் காட்டவில்லை. வெளியே ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டரை `AOUT` முனைக்கும் `GND` முனைக்கும் குறுக்கே பிரெட்போர்டில் செருகுங்கள். பற்றவைக்கவே தேவையில்லை.

துளிர் · 2025 பிப்ரவரி 9, மாலை 5.30

செருகிவிட்டேன். தண்ணீருக்குள் இறக்கியவுடன் 1150-க்கு விழுந்தது. வெளியே எடுத்தால் 2550. இரண்டு பக்கமும் ஒரே வேகம். மிக்க நன்றி.

கம்பிச்சுருள் · 2025 பிப்ரவரி 9, இரவு 8.40

என்னிடம் இருந்த உணரியில் அந்த ரெசிஸ்டர் ஒழுங்காக இணைக்கப்பட்டிருந்ததால் படப்பிடிப்பில் இது தலைகாட்டவே இல்லை. துளிர் வாங்கியதும் 1.2 பதிப்புதான், பலகையில் அச்சிட்ட எழுத்துகூட அதுவேதான். பெயரும் பதிப்பும் ஒன்றாக இருந்தும் பொருள் வேறாக இருக்கிறது என்றால், பட்டியலில் பெயரை இன்னும் துல்லியமாக எழுதுவதால் இது தீராது. வாங்கி வந்த பொருள் நான் நினைத்த பொருள்தானா என்று பார்ப்பதற்கு ஓர் அளவை அந்தப் பெயரின் பக்கத்திலேயே கொடுக்கவேண்டும் போலிருக்கிறது. ‘`AOUT` முனைக்கும் `GND` முனைக்கும் இடையே மின்சாரம் இல்லாதபோது ஏறத்தாழ 1 மெகா ஓம்’ என்ற ஒரே வரி. நேற்று நான் இட்ட விவரக்குறிப்பு சுருக்கமாக இருந்தது; இந்த ஒரு வரியால் அந்தச் சுருக்கம் கெட்டுவிடாது.

பட்டியலில் ‘1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று, தேவைப்பட்டால்’ என்றும் சேர்க்கிறேன்.

அலைவரிசை · 2025 பிப்ரவரி 9, இரவு 9.05

தேவைப்பட்டால் என்று ஏன் இழுக்கவேண்டும்? எல்லோரும் செருகிவிடட்டும், நல்ல உணரிக்கு அதனால் கெடுதல் ஒன்றும் இல்லையே.

ஓம்விதி · 2025 பிப்ரவரி 9, இரவு 9.40

கெடுதல் இல்லை, ஆனால் விளைவு உண்டு. நல்ல உணரியில் ஏற்கனவே ஒரு 1 மெகா ஓம் இருக்கிறது. இணையாக இன்னொன்றைச் செருகினால் மொத்தம் அரை மெகா ஓம் ஆகி, வெளியீடு சற்றே தாழ்ந்துவிடும். காற்றிலும் தண்ணீரிலும் புதிதாக அளந்து எல்லைகளை எழுதிக்கொள்பவருக்கு அது ஒரு பொருட்டல்ல. நிரலில் இருக்கும் எண்களை அப்படியே நம்புபவருக்கு அது பிழையாகும்.

பழுதுபார்ப்பவர் · 2025 பிப்ரவரி 10, காலை 7.20

நிரலில் இருக்கும் எண்களை அப்படியே நம்புபவர்கள்தான் பெரும்பான்மை. நிரலை இங்கேயும் இடுங்கள். சுட்டியைத் திறக்காமலேயே கருத்துச் சொல்லும் என்னைப் போன்றவர்களுக்கு வசதியாக இருக்கும்.

கம்பிச்சுருள் · 2025 பிப்ரவரி 10, காலை 8.00

```cpp
const int SENSOR_PIN = 34;
const int DRY_MV = 2550;
const int WET_MV = 1150;

void setup() {
  Serial.begin(115200);
}

void loop() {
  long sum = 0;
  for (int i = 0; i < 16; i++) {
    sum += analogReadMilliVolts(SENSOR_PIN);
    delay(5);
  }
  int mv = sum / 16;
  int pct = map(mv, DRY_MV, WET_MV, 0, 100);
  pct = constrain(pct, 0, 100);
  Serial.printf("%d mV  %d%%\n", mv, pct);
  delay(1000);
}
```

`analogRead` கட்டளையைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு. அது 0 முதல் 4095 வரையான வெற்று எண்ணைத் தரும். அதே மின்னழுத்தத்துக்குப் பலகைக்குப் பலகை சற்று மாறும். `analogReadMilliVolts` கட்டளையோ சில்லுக்குள் ஆலையிலேயே எழுதிவைத்த திருத்த அளவைப் பயன்படுத்தி மில்லிவோல்ட்டாகத் தருகிறது. சீரியல் மானிட்டரில் காண்பதையும் மல்டிமீட்டரில் காண்பதையும் வாசகர் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய வசதி.

செம்மண்தோட்டம் · 2025 பிப்ரவரி 10, காலை 11.15

பம்பை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். என்னிடம் ஆர்டுயினோ ஊனோ பலகைதான் இருக்கிறது. நிரலை ஏற்றினால் `'analogReadMilliVolts' was not declared in this scope` என்று சண்டை போடுகிறது. கம்பியிணைப்பைத் திருப்பிப் போட்டும் பார்த்துவிட்டேன்.

ஓம்விதி · 2025 பிப்ரவரி 10, பிற்பகல் 1.10

கம்பியைத் திருப்பியதால் அந்தச் செய்தி மாறாது. கம்பியே இல்லாவிட்டாலும் அதே செய்திதான் வரும். அது நிரலைத் தொகுக்கும்போது வரும் பிழை. அந்தக் கட்டளை ஈஎஸ்பி32 பலகைக்கான மென்பொருளில் மட்டும் இருக்கிறது. ஊனோவில் `analogRead` கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்து 0 முதல் 1023 வரை தரும். ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். துளிர் காற்றில் கண்ட 2550 மில்லிவோல்ட் உங்கள் பலகையில் 522 அளவில் தெரியும். எல்லைகளையும் நீங்களே அளந்து மாற்றிக்கொள்ளவேண்டும். `Serial.printf` கட்டளையும் ஊனோவில் இல்லை; அந்த வரியை `Serial.print` கொண்டு எழுதுங்கள், முனை எண்ணையும் `A0` என்று மாற்றுங்கள். கம்பிகளைத் திருப்பிப் போட்ட நிலையிலேயே மின்சாரம் கொடுத்திருந்தால் உணரி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

செம்மண்தோட்டம் · 2025 பிப்ரவரி 10, பிற்பகல் 2.00

உயிரோடு இருக்கிறது. கருப்புக் கம்பியும் சிவப்புக் கம்பியும் என்னுடையதில் இடம் மாறியிருந்தனவோ என்று சந்தேகப்பட்டுத்தான் திருப்பினேன். நல்லவேளையாக அப்போது யூஎஸ்பி கேபிள் செருகப்படவில்லை.

கம்பிச்சுருள் · 2025 பிப்ரவரி 10, இரவு 9.25

இந்தச் சந்தேகம் பொருளுள்ளது. காணொளியில் ‘சிவப்புக் கம்பி’ என்று நான் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் உணரியோடு வரும் கேபிளின் நிறங்கள் எல்லாத் தொகுதிகளிலும் ஒன்றுபோல இருக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. விவரக்குறிப்பில் நிறத்தைச் சொல்லாமல், உணரியின் பலகையில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பார்த்து இணைக்கவேண்டும் என்று எழுதுகிறேன். ஈஎஸ்பி32 பக்கத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. 30 முனைப் பலகையும் உண்டு, 38 முனைப் பலகையும் உண்டு. 34-ஆம் முனை இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்காது. சிலவற்றில் `D34` என்றும் சிலவற்றில் `34` என்றும் அச்சிட்டிருப்பார்கள். ‘இடது வரிசையில் நான்காவது’ என்பது போன்ற குறிப்பு விவரக்குறிப்பில் இடம்பெறவே கூடாது.

துளிர் · 2025 பிப்ரவரி 12, மாலை 7.10

மீண்டும் நான்தான். பிரெட்போர்டில் 34-ஆம் முனையின் பக்கத்தில் இடமே இல்லாததால், அதே வரிசையில் சற்றுத் தள்ளி இருந்த 25-ஆம் முனைக்குக் கம்பியை மாற்றி, நிரலிலும் 25 என்று திருத்தினேன். நன்றாக வேலை செய்தது. இன்று அலைபேசியில் பார்ப்பதற்காக வைஃபை பகுதியைச் சேர்த்தேன். வைஃபை இணைந்த அந்த நொடியிலிருந்து ஈர அளவு பொருளற்ற எண்ணாகிவிட்டது. வைஃபை வரியை நீக்கினால் மீண்டும் சரியாகிவிடுகிறது.

அலைவரிசை · 2025 பிப்ரவரி 12, இரவு 7.40

வைஃபை மின்சாரத்தை அதிகமாக இழுக்கும். அதனால் மின்னழுத்தம் விழுந்து அளவு கெடுகிறது. `3V3` முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே பெரிய மின்தேக்கி ஒன்றைப் போடுங்கள்.

ஓம்விதி · 2025 பிப்ரவரி 12, இரவு 8.30

வைஃபை மின்சாரத்தை இழுப்பது உண்மை. அதனால் எண் சற்றே அதிர்வதும் உண்டு. ஆனால் அதிர்வது வேறு, பொருளற்றுப் போவது வேறு. இங்கே காரணம் முனை.

ஈஎஸ்பி32-இல் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதிகள் இரண்டு. 32 முதல் 39 வரையான எண்களைக் கொண்ட முனைகள் முதல் பகுதியைச் சேர்ந்தவை. 0, 2, 4, 12 முதல் 15 வரை, 25 முதல் 27 வரை ஆகியவை இரண்டாம் பகுதியைச் சேர்ந்தவை. வைஃபை இயங்கும்போது இரண்டாம் பகுதியைத் தன் தேவைக்கு எடுத்துக்கொள்கிறது. நம் நிரல் கேட்டால் கிடைக்காது. வைஃபை இல்லாதவரை 25-ஆம் முனை ஒழுங்காக இருந்ததும், வைஃபை வந்தவுடன் போனதும் இதனால்தான். மின்தேக்கி எதுவும் உதவாது. கம்பியை 32, 33, 34, 35 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள்.

கம்பிச்சுருள், விவரக்குறிப்பில் 34 என்று நீங்கள் எழுதியது தற்செயலா, தேர்ந்தெடுத்ததா?

கம்பிச்சுருள் · 2025 பிப்ரவரி 12, இரவு 9.15

தேர்ந்தெடுத்ததுதான். அடுத்த பாடத்தில் வைஃபை வரப்போகிறது என்பதால் முதல் பகுதியிலிருந்து ஒரு முனையை எடுத்தேன். 34-ஆம் முனை உள்வாங்க மட்டுமே பயன்படும் என்பதால், தவறுதலாக அதை வெளியீடாக மாற்றிவிடவும் முடியாது.

ஆனால் விவரக்குறிப்பைப் படிப்பவருக்கு 34 என்பது வெறும் எண்ணாகத்தான் தெரிகிறது. எந்த எண்ணை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று அவர் எப்படி அறிவார்? ஆகவே வரியை இவ்வாறு மாற்றுகிறேன்: ‘`AOUT` முனை 34-ஆம் முனைக்கு. இடம் இல்லையென்றால் 32, 33, 35 ஆகியவற்றில் ஒன்று. வேறு முனைகள் வைஃபையோடு ஒத்துப்போகாமல் போகலாம். மாற்றினால் நிரலின் முதல் வரியையும் மாற்றவேண்டும்.’

துளிர் · 2025 பிப்ரவரி 13, காலை 7.50

33-க்கு மாற்றினேன். வைஃபையோடு சேர்ந்து வேலை செய்கிறது. இன்னொரு ஐயமும் இருக்கிறது, சிறியதுதான். தொட்டியில் தண்ணீர் தேங்கி நிற்கும்வரை ஊற்றிய பிறகும் 80 விழுக்காடு என்றுதான் காட்டுகிறது. மில்லிவோல்ட் 1430. நூறு ஏன் வரவில்லை?

ஓம்விதி · 2025 பிப்ரவரி 13, காலை 9.00

கணக்கு சரியாகவே இருக்கிறது. 2550-இலிருந்து 1430-ஐக் கழித்தால் 1120. மொத்த வீச்சு 2550-இலிருந்து 1150-ஐக் கழிக்கக் கிடைக்கும் 1400. 1120-ஐ 1400-ஆல் வகுத்தால் 0.8. நூறு என்று நீங்கள் நிரலுக்குச் சொல்லியிருப்பது குவளைத் தண்ணீரை. மண் எவ்வளவு நனைந்தாலும் அதில் பெரும்பகுதி மண்துகள்தான். தகட்டைச் சுற்றித் தண்ணீர் மட்டுமே இருக்கும் நிலை தொட்டியில் ஒருபோதும் வராது.

உங்கள் தொட்டி மண்ணையே நன்றாக உலர்த்தி அதில் ஒரு முறையும், நீர் ஊறி வடிந்த பிறகு ஒரு முறையும் அளந்து, அந்த இரண்டு எண்களை `DRY_MV`, `WET_MV` என்ற வரிகளில் இடுங்கள். மண்ணை உணரியோடு ஒட்டி அழுத்தவும் மறக்காதீர்கள். தகட்டுக்கும் மண்ணுக்கும் இடையே காற்று நின்றால் ஈரமான மண்ணும் உலர்ந்ததாகத் தெரியும்.

பழுதுபார்ப்பவர் · 2025 பிப்ரவரி 13, காலை 9.35

இந்த விழுக்காட்டையே நான் எதிர்க்கிறேன். மண்ணின் கன அளவில் எத்தனை பங்கு தண்ணீர் என்று அது சொல்வதில்லை. இரண்டு எல்லைகளுக்கு இடையே எண் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. பார்ப்பவரோ அதைத் தண்ணீரின் அளவாகவே எடுத்துக்கொள்கிறார். மில்லிவோல்ட்டை மட்டும் காட்டிவிட்டு, எந்த எண்ணில் தண்ணீர் ஊற்றவேண்டும் என்பதை அவரே முடிவு செய்ய விடுங்கள்.

கம்பிச்சுருள் · 2025 பிப்ரவரி 13, இரவு 8.20

இதில் உங்களோடு முழுமையாக உடன்பட முடியவில்லை. மில்லிவோல்ட் கூடினால் உலர்வு, குறைந்தால் ஈரம் என்பது தலைகீழாக இருப்பதால் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். இரண்டையும் ஒரே வரியில் காட்டுவதைத் தொடர்வேன். ஆனால் ‘இது நீரின் அளவு அல்ல’ என்று விவரக்குறிப்பில் எழுதிவிடுகிறேன்.

பழுதுபார்ப்பவர் · 2025 பிப்ரவரி 13, இரவு 9.00

யாரும் அந்த வரியைப் படிக்கமாட்டார்கள். அது கிடக்கட்டும், சுட்டியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். உங்கள் சுட்டி களஞ்சியத்தின் `main` கிளைக்குப் போகிறது. அடுத்த பாடத்துக்காக அங்கே வைஃபை பகுதியைச் சேர்த்தவுடன், இந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு வருபவர் திரையில் பார்த்த நிரல் வேறு, இறக்கிய நிரல் வேறு என்று திகைப்பார்.

என் கதை அப்படிப்பட்டதுதான். எச்சரிக்கை மணிக்கான ஒரு பாடத்தைப் பின்பற்றிப் பலகையை இணைத்தேன். நிரலைத் தொகுத்தால் `'ledcSetup' was not declared in this scope` என்று வந்தது. ஈஎஸ்பி32-க்கான ஆர்டுயினோ மென்பொருளின் 3.0 பதிப்பில் அந்தக் கட்டளையை நீக்கிவிட்டு `ledcAttach` என்ற ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாடம் பழைய பதிப்பில் எழுதப்பட்டது. எந்தப் பதிப்பு என்று விவரக்குறிப்பில் ஒரு சொல்கூட இல்லாததால், எழுத்துப்பிழையாக இருக்குமோ என்று நிரலை வரிவரியாகத் தடவிக்கொண்டிருந்தேன். கம்பியிலும் பாகத்திலும் பழுது பார்ப்பவனுக்குப் பதிப்பில் பழுது பார்க்கத் தெரியவில்லை.

கம்பிச்சுருள் · 2025 பிப்ரவரி 14, காலை 7.00

ஏற்கிறேன். இன்றைய நிலையைக் களஞ்சியத்தில் ஒரு குறிச்சீட்டாகப் பதிந்துவிட்டு, சுட்டியை அந்தக் குறிச்சீட்டுக்கு மாற்றிவிட்டேன்:

```
git tag soil-v1
git push origin soil-v1
```

இனி `main` கிளையில் எதை மாற்றினாலும் இந்தக் காணொளியின் நிரல் மாறாது. நிரலைத் தொகுத்த பலகை மென்பொருளின் பதிப்பு எண்ணையும் சுட்டிக்குப் பக்கத்திலேயே எழுதுகிறேன். அது `Boards Manager` பலகத்திலேயே தெரியும் என்பதால் வாசகர் ஒப்பிடுவது எளிது.

திருத்திய விவரக்குறிப்பின் நடுப்பகுதி இப்போது இவ்வாறு இருக்கிறது:

மின்சாரம் கொடுப்பதற்கு முன்: உணரியைத் தனியாக வைத்து `AOUT`, `GND` முனைகளுக்கு இடையே மின்தடையை அளக்கவும். ஏறத்தாழ 1 மெகா ஓம் வரவேண்டும். எல்லை கடந்ததாகக் காட்டினால் அவ்விரண்டு முனைகளுக்கும் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைக்கவும்.

மின்சாரம் கொடுத்த பின்: உணரி காற்றில் இருக்கும்போது சீரியல் மானிட்டரில் தெரியும் மில்லிவோல்ட்டும், `AOUT` முனையில் மல்டிமீட்டர் காட்டும் அளவும் அருகருகே இருக்கவேண்டும். பெரிதும் வேறுபட்டால் கம்பியையும் நிரலின் முதல் வரியில் உள்ள முனை எண்ணையும் பார்க்கவும். இரண்டும் ஒத்திருந்து, தண்ணீரில் இறக்கியும் எண் அசையவே இல்லையென்றால் உணரியில் உள்ள 555 சில்லின் பெயரைப் படிக்கவும்.

உணரியின் தகட்டை வரைந்திருக்கும் எல்லைக் கோடு வரை மட்டுமே மண்ணில் இறக்கவும். அதற்கு மேலே உள்ள பாகங்கள் நனையக்கூடாது.

ஓம்விதி · 2025 பிப்ரவரி 14, காலை 8.15

மல்டிமீட்டரும் நிரலும் ஒத்துப்போகவேண்டும் என்ற வரி மிக நன்று. கம்பிப் பக்கத்தையும் உணரிப் பக்கத்தையும் அது பிரித்துவிடுகிறது. ஒரே ஒரு திருத்தம். வெளியில் ரெசிஸ்டர் போடவேண்டிய உணரியில், மல்டிமீட்டரின் முனைகளை வைத்ததுமே அளவு இறங்கத் தொடங்கும்; மல்டிமீட்டரே அந்த மின்தேக்கியை வடித்துவிடும். ஆகவே ரெசிஸ்டரைச் செருகிய பிறகே இந்த ஒப்பீட்டைச் செய்யவேண்டும் என்று வரிசையைக் குறிப்பிடுங்கள்.

அலைவரிசை · 2025 பிப்ரவரி 14, காலை 8.40

மல்டிமீட்டர் பாகப் பட்டியலில் இல்லையே.

கம்பிச்சுருள் · 2025 பிப்ரவரி 14, காலை 8.55

இந்த இழையில் அலைவரிசை சொன்னவற்றில் மறுப்பே இல்லாமல் ஏற்கக்கூடியது இது. பட்டியலில் சேர்த்துவிட்டேன். மல்டிமீட்டர் இல்லாதவர்களுக்கு என்ன சொல்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. ஏற்றமும் இறக்கமும் ஒரே வேகத்தில் நிகழ்கின்றனவா என்று சீரியல் மானிட்டரிலேயே பார்க்கச் சொல்லலாம். ரெசிஸ்டர் குறை அதில் தெரிந்துவிடும், ஆனால் முனை மாறிய குறை அவ்வளவு எளிதில் தெரியாது.

துளிர் · 2025 பிப்ரவரி 21, மாலை 6.20

உணரியைத் தொட்டியிலேயே விட்டுவைத்திருந்தேன். இன்று எடுத்துத் துடைத்து, உலரவிட்டுக் காற்றில் அளந்தால் 2550-க்குப் பதிலாக 2470 தான் வருகிறது. வெளி ரெசிஸ்டர் அதே இடத்தில் இருக்கிறது, கம்பியும் அதேதான்.

ஓம்விதி · 2025 பிப்ரவரி 21, இரவு 8.00

தகட்டின் முகத்தில் பூச்சு இருக்கும். வெட்டிய ஓரங்களில் இருக்காது. அந்த ஓரங்கள் வழியாகப் பலகை ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. முழுவதும் உலர்ந்தபின் எண் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் ஓரங்களில் நகப்பூச்சை இரண்டு முறை பூசி, அது நன்றாகக் காய்ந்தபின் எல்லைகளைப் புதிதாக அளந்துகொள்ளுங்கள். பூச்சு ஏறியபின் பழைய எண்கள் பொருந்தாமல் போகலாம்.

கம்பிச்சுருள் · 2025 பிப்ரவரி 21, இரவு 8.30

அப்படியானால் பாகப் பட்டியலில் நகப்பூச்சும் வந்துவிடுகிறது. துளிர், உலர்ந்தபின் வரும் எண்ணை இங்கே இடுங்கள். அதைப் பார்த்துவிட்டு விவரக்குறிப்பை மூடுகிறேன்.